துருக்கியின் 'மிஷ்' விகுதியும் ஆங்கிலத்தின் 'அப்பேரன்ட்லி'யும்

ஒருவன் ஒரு செய்தியை எவ்வழியாக அறிந்தான் என்பதை ஆராயப் புகுந்த நமது தர்க்க நூலார், காட்சி, அனுமானம், ஆப்தவாக்கியம் என்று பிரமாணங்களை வகுத்துக்கொண்டு, அவற்றின் இலக்கணத்தையும் குற்றங்களையும் பற்றி நூற்றாண்டுக் கணக்கில் வாதித்தனர். ஆயினும் அந்த வகுப்பு பண்டிதர் சபையோடு நின்றுவிட்டது. வீதியில் பேசுகிறவனை அது கட்டுப்படுத்தவில்லை. துருக்கி மொழியிலோ அவ்வகுப்பின் ஒரு பாதி வினைச்சொல்லின் விகுதியிலேயே அமர்ந்திருப்பதால், இஸ்தான்புல்லில் கைப்பேசியில் தோழிக்கு இரண்டு வரி தட்டிவிடுகிற பெண்ணும், தான் சொல்லும் இறந்தகாலச் செய்தி நேரே அறிந்ததா, பிறர் வாயிலாகவோ தடயத்தைக் கொண்டோ அறிந்ததா என்பதை ஒவ்வொரு வாக்கியத்திலும் தீர்மானித்தே ஆகவேண்டியிருக்கிறது. அத்தகைய வரிகளை ஆங்கிலத்தில் பெயர்ப்பவர்களுக்கு நேரும் சங்கடத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விஷயம் புதிதன்று. 11-ஆம் நூற்றாண்டில் துருக்கிய மொழிகளுக்கு அரபியில் ஓர் அகராதி செய்த மஹ்மூத் அல்-காஷ்கரி, 'தி' என்னும் இறந்தகால விகுதி பேசுவோன் முன்னிலையில் நிகழ்ந்ததையும், 'மிஷ்' என்னும் விகுதி அவன் காணாதபோது நிகழ்ந்ததையும் குறிக்கும் என்று அப்போதே தெளிவாக எழுதிவைத்தார். 'கெல்தி' என்றால் வந்தான், அதை நான் அறிவேன். 'கெல்மிஷ்' என்றாலும் வந்தான்தான், ஆனால் அவன் வருகையை நான் கண்டிலேன். உயிரோசையின் இசைவுக்கேற்ப இவ்விகுதி 'முஷ்' என்றும் திரியும். வினையின் நிகழ்கால வடிவத்தோடும், பெயர்ச்சொல்லோடும்கூட ஒட்டும். 'தொக்தோர்' என்பது வைத்தியர். 'தொக்தோர்முஷ்' என்றால் வைத்தியராம்.

இங்கே தமிழ் வாசகர் ஒரு புன்முறுவலோடு நமது 'ஆம்' என்னும் இடைச்சொல்லை நினைத்துக்கொள்வார், நினைப்பது நியாயமே. நம் பாட்டிமார் 'ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தானாம்' என்று கதை தொடங்குவது போலவே, துருக்கியப் பாட்டிமாரும் 'ஒருவன் இருந்தானாம், இல்லையாம்' என்னும் பொருள்பட 'மிஷ்' வைத்தே தொடங்குகின்றனர். ஆயினும் ஒப்புமை பாதி தூரமே வரும். 'கெமால் கெல்மிஷ்' என்னும் ஒரே வாக்கியத்தை மூன்று சந்தர்ப்பங்களில் சொல்லலாம்: கெமால் வந்துவிட்டதாக அண்டை வீட்டார் கூறக் கேட்டபோது, கூடத்தில் அவனுடைய மேலங்கி தொங்குவதைக் கண்டு ஊகித்தபோது, எதிர்பாராத வகையில் கதவைத் திறந்ததும் அவனே எதிரில் நின்றபோது. முதலாவதற்கு நாம் 'வந்தானாம்' என்போம். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் 'ஆம்' பொருந்தாது, 'வந்திருக்கிறானே' என்போம். நாம் 'ஆம்' என்றும் 'இருக்கிறது' என்றும் இரு வேறு உபாயங்களால் செய்வதைத் துருக்கியர் ஒரே விகுதியால் செய்கின்றனர் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், ஆங்கிலம் படும் பாடு நன்கு விளங்கும்.

ஆங்கிலத்தில் இத்தகைய விகுதி இல்லை. அதற்குப் பதிலாகச் சில தனிச்சொற்களும் சிறு வாக்கியங்களும் உண்டு. அவற்றுள் 'அப்பேரன்ட்லி' என்பதே பெயர்ப்பாளரின் கைக்கு முதலில் அகப்படுவது. கேள்வியையும் அனுமானத்தையும் ஒருங்கே தழுவுவதால் 'மிஷ்' விகுதிக்கு இது பிறவித் தோழன் போலத் தோன்றுகிறது. இலக்கணப் பாடநூல்களும் பெரும்பாலும் இதையே சமமாகக் காட்டுகின்றன. ஆனால் துருக்கியில் விகுதி கட்டாயம். ஆங்கிலத்தில் சொல் விருப்பம். பேசுவோர் தாமே விரும்பிச் சேர்த்த சொல்லுக்குக் கேட்போர் ஒரு காரணம் தேடுவர். 'அப்பேரன்ட்லி அவள் நோயாக இருக்கிறாள்' என்று ஆங்கிலத்தில் ஒருத்தி எழுதினால், 'அப்படித்தான் சொல்லிக்கொள்கிறாள், நான் பொறுப்பல்ல' என்னும் ஒரு விலகலும், சில வேளை ஒரு கிண்டலும் அதில் தொனிக்கும். துருக்கிய வாக்கியத்தில் அந்தத் தொனி இல்லை. நான் நேரில் பார்க்கவில்லை என்னும் கணக்கு மாத்திரம் உண்டு. கணக்கை அபிப்பிராயமாக மாற்றிவிடுவதே இத்துறையில் மிகுதியாகக் காணப்படும் பிழை என்பது என் எண்ணம்.

இதை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். இரு தோழியரின் சம்பாஷணை ஒன்றை, துருக்கியில் அவர்கள் எழுதக்கூடிய பாங்கில் நானே அமைத்துக்கொண்டு, முதலில் தமிழில் தருகிறேன்.

"கேட்டியா, செலின் வேலையை விட்டுட்டாளாம்."
"ஐயோ, ஏன்?"
"மேனேஜரோட சண்டையாம். அவர் கத்தினாராம், இவ கதவை அறைஞ்சு சாத்திட்டு வந்துட்டாளாம்."
"யார் சொன்னது?"
"அவ அம்மா. இஸ்மிருக்குக் குடி போறாளாம்."
"எனக்கு எழுத மட்டும் நேரமில்லை, ரொம்ப வேலையாம், பெரிய வேலை!"
"நேத்து அவ வீட்டு வழியாப் போனேன், திரைச்சீலை எல்லாம் கழட்டியிருக்காங்க."

துருக்கி மூலத்தில் 'அய்ரில்மிஷ்', 'எத்மிஷ்லெர்', 'பாயர்மிஷ்', 'சிக்மிஷ்', 'தாஷினியோர்முஷ்' என்று செலினைப் பற்றிய வினைகள் அனைத்தும் 'மிஷ்' குலத்தவை. 'கேட்டியா', 'யார் சொன்னது' என்னும் கேள்விகளும் 'நேற்றுப் போனேன்' என்னும் கூற்றும் மாத்திரம் 'தி' விகுதி பெறும்: சொன்னது நடந்த காரியம், போனது தன் கால். கைப்பேசியில் அவசரமாகத் தட்டுவோர் துருக்கி நெடுங்கணக்கின் புள்ளிகளையும் வால்களையும் விட்டுவிடுவதும், 'யோர்முஷ்' என்பதை 'யோமுஷ்' என்று குறுக்குவதும் வழக்கம். சொல் எவ்வளவு சிதைந்தாலும் இவ்விகுதியை மாத்திரம் அவர்கள் விழுங்கிவிடுவதில்லை.

இப்போது விகுதிதோறும் ஒரு சொல் வைத்து ஆங்கிலமாக்கிப் பாருங்கள். 'அப்பேரன்ட்லி வேலையை விட்டாள், அப்பேரன்ட்லி சண்டை, அப்பேரன்ட்லி அவர் கத்தினார், அப்பேரன்ட்லி அவள் கதவைச் சாத்தினாள்' என்று வரும். இதைப் படிக்கும் ஆங்கிலேயர், சொல்பவள் செலினுடைய கதையில் ஒரு வரியையும் நம்பவில்லை, அவளைப் பழிக்கவே பேசுகிறாள் என்று கொள்வர். மூலத்திலுள்ள தோழியோ உண்மையான பரிவோடு செய்தி சொல்கிறவள்.

நல்ல பெயர்ப்பு இதனை வேறு விதமாக நடத்தும். 'கேட்டியா' என்று முதல் வரியிலேயே ஒரு கேள்வி நிற்பதால், அதுவே 'இனி வருவது நான் கேட்டது' என்னும் அறிவிப்பாகி, 'செலின் ஹாஸ் க்விட் ஹெர் ஜாப்' என்று குறியில்லாத வாக்கியம் போதுமானதாகிறது. சண்டையும் கத்தலும் கதவும் வெறும் இறந்தகாலத்தில் தொடரலாம். ஆங்கிலம் ஒரு கதையின் தலைவாசலில் ஒருமுறை மூலத்தைச் சொல்லிவிட்டால் பிறகு கதை முடியும் வரை அதை மீண்டும் சொல்லாது. ஆனால் இஸ்மிர்ச் செய்தி தாயார் பெயர் வந்தபின் வருவதால், 'ஹெர் மம் செஸ்' என்று சொல்பவளைச் சுட்டுவது இயல்பு. ஐந்து விகுதிகளுக்குப் பதிலாக ஆங்கிலத்தில் இரண்டே குறிகள் நின்றன. பொருள் ஒன்றும் குறையவில்லை. கத்திய மேனேஜர் ஆணா பெண்ணா என்பதைத் துருக்கி சொல்லாது. அவருக்கு 'ஹீ' என்றோ 'ஷீ' என்றோ பெயரிட வேண்டிய கட்டாயம் ஆங்கிலத்துக்கு உண்டு. ஆக, மூலத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லும்படி ஆங்கிலமும் தன் பங்குக்குப் பெயர்ப்பாளரை வற்புறுத்தவே செய்கிறது.

ஆறாவது வரி வேறு ஜாதி. 'மெஷ்குல்முஷ் க்யூயா' என்று தோழி எழுதும்போது, 'க்யூயா' என்பது ஐயத்தை வெளிப்படையாகச் சொல்லும் சொல். இங்கே விகுதி கணக்கன்று, குத்தல். இதற்கு 'பிஸி, சப்போஸட்லி' என்று ஆங்கிலத்தில் குறி வைத்தே தீரவேண்டும். விகுதியை இரட்டித்து 'கெல்மிஷ்மிஷ்' என்று எழுதுவதும் பெரும்பாலும் இத்தகையதே: 'வந்தாராமே, வந்தார்!' என்று நாம் நீட்டுவது போன்ற பாவம் அதில் உண்டு. கடைசி வரியிலோ அனுமானம். திரைச்சீலை கழற்றப்பட்டதை அவள் காணவில்லை. சீலையில்லாத சன்னலைக் கண்டாள். ஆங்கிலம் இங்கே கழற்றிய செயலையே விட்டுவிட்டு, கண்ணில் பட்ட விளைவைச் சொல்லும்: 'த கர்ட்டன்ஸ் ஆர் டவுன் ஆல்ரெடி.' இவ்வாறு வினையை நிலையாக மாற்றுவது, அனுமான 'மிஷ்' விகுதிக்கு ஆங்கிலம் அறிந்த உபாயங்களுள் மிக நேர்த்தியானது. எனினும் பழக்கமில்லாத பெயர்ப்பாளர் இதை அரிதாகவே நினைக்கின்றனர்.

விகுதியை முற்றிலும் விழுங்கிவிட வேண்டிய இடங்களும் உண்டு. தோழி அனுப்பிய பலகாரத்தின் படத்தைக் கண்டு ஒருத்தி 'சோக் குஸெல் ஓல்முஷ்' என்று எழுதினால், 'மிக அழகாக வந்திருக்கிறது' என்று பாராட்டுகிறாள். அதை 'அப்பேரன்ட்லி அழகாயிருக்கிறது' என்று ஆக்கினால் நட்பே முறிந்துபோகும். 'மெலிந்துவிட்டாயே', 'தலைமுடி வெட்டிக்கொண்டாயே' என்பனவும் 'மிஷ்' விகுதியில்தான் வரும். அங்கே ஆங்கிலத்தில் வேண்டுவது ஓர் 'ஓ' என்னும் வியப்பிடைச்சொல்லும் 'யூ ஹாவ்' என்னும் முற்றுக்காலமும்.

தன்மை ஒருமையில் வருவது இன்னும் சுவையானது. பேசுபவனே தன் செயலுக்கு 'மிஷ்' வைப்பான்: 'உயுயாகல்மிஷிம்', அதாவது 'தூங்கிப்போயிருக்கிறேன்'. தூங்கினவன் தன் தூக்கத்துக்குத் தானே சாட்சியாக முடியாதாகையால் இலக்கணம் அவனுக்கு 'தி' விகுதியைத் தயக்கத்தோடுதான் தரும். ஆங்கிலத்தில் 'ஐ மஸ்ட் ஹவ் டோஸ்ட் ஆஃப்' என்பது சரியாகப் பொருந்தும். ஆனால் 'மன்னிக்கவும், கைப்பேசியை ஓசையின்றி வைத்து மறந்திருக்கிறேன்' என்று எழுதும்போது, அறியாமல் நேர்ந்தது என்னும் விண்ணப்பமும் விகுதிக்குள் கரைந்திருக்கிறது. 'ஸாரி' என்னும் சொல்லே ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்துவிடுவதால் மேலும் ஒரு குறி வேண்டியதில்லை.

'மிஷ்' என்னும் எழுத்துக்கோவையைக் கண்டவுடன் பாய்பவர் விழும் குழிகள் இரண்டையும் சொல்லவேண்டும். 'கெல்மிஷ்தி' என்பதில் 'மிஷ்' இருந்தாலும் கேள்விப்பொருள் இல்லை. 'அதற்குமுன் வந்திருந்தான்' என்னும் தொலை இறந்தகாலமே அது. 'கெல்மிஷ்திர்' என்பது பத்திரிகையிலும் கலைக்களஞ்சியத்திலும் ஐயத்துக்கு நேர்மாறாக உறுதியான கூற்று. அத்தாதுர்க் 1881-இல் பிறந்தார் என்று நூல்கள் எழுதுவது இவ்வடிவத்தில்தான். அதே வடிவம் சம்பாஷணை வரியில் வந்தால் ஊகமாகிவிடும்: 'ஷிம்தி வர்மிஷ்திர்' என்றால், இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பாள். ஆங்கிலத்தில் 'ஷீ வில் ஹவ் காட் தேர் பை நௌ' என்று எதிர்கால வடிவத்தால் சொல்வது இதற்கு இயல்பான பெயர்ப்பு. ஓர் ஏட்டில் உறுதியாகவும் கைப்பேசியில் ஊகமாகவும் ஒரே வடிவம் நிற்பதால், எழுத்தின் இடமறியாமல் பெயர்ப்பவருக்கு இலக்கண நூல் துணை செய்யாது.

இனி, பேசுவோர் எப்போது 'மிஷ்' விகுதியைத் தேர்கின்றனர் என்பதைப் பற்றி அய்ஹான் அக்ஸு-கொச் அம்மையாரும் டான் ஸ்லோபினும் சேர்ந்து செய்த ஆராய்ச்சி பெயர்ப்பாளருக்கு நேரடியாகப் பயன்படுவது. கேள்வியோ காட்சியோ என்பதைவிட, செய்தியை ஏற்க மனம் ஆயத்தமாயிருந்ததா என்பதே உள்ளே உறையும் வேறுபாடு என்பது அவர்கள் கொள்கை. நிக்ஸன் பதவி துறந்ததும், துருக்கியப் பிரதமர் எஜெவித் பதவி துறந்ததும் துருக்கியர் பலருக்குச் செய்தி வாயிலாகவே தெரிந்தவை; எனினும் நெடுநாள் எதிர்பார்க்கப்பட்ட நிக்ஸன் விலகலை 'தி' வைத்தும், எதிர்பாராத எஜெவித் விலகலை 'மிஷ்' வைத்தும் சொன்னதை அவர்கள் எடுத்துக்காட்டினர். ஆகவே ஒரு வரியில் 'மிஷ்' இருப்பது 'யாரோ சொன்னார்கள்' என்பதைவிட 'எனக்கு இது புதிது' என்பதைக் குறிக்கும் இடங்கள் உண்டு. அங்கெல்லாம் 'டர்ன்ஸ் அவுட்' என்னும் ஆங்கிலத் தொடர் 'அப்பேரன்ட்லி'யைவிடப் பல மடங்கு பொருத்தம்.

ஜப்பானிய மொழியில் நிலைமை வேறு. அங்கே ஒரு விகுதி பல வேலை செய்வதில்லை. பல சொற்கள் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. 'அமெ கா ஃபுரு ஸோ தா' என்றால் மழை பெய்யுமாம். 'அமெ கா ஃபுரிஸோ தா' என்றால் மழை பெய்யும் போலிருக்கிறது. ஒரே 'ஸோ', முன்னுள்ள வினையின் ஈற்றெழுத்து மாறினால் செவிப் பிரமாணம் கட்பிரமாணமாகிவிடுகிறது. நண்பர் பேச்சில் வாக்கியத்தின் கடைசியில் ஒட்டும் 'த்தே' என்பது சொன்னவர் சொல்லை நேரே கொண்டுவருவது. 'தனகா-சான், கொனாய் த்தே' என்னும் வரிக்கு 'தனகா வரமாட்டேன் என்கிறார்' என்பதே பொருள், ஆங்கிலத்திலும் 'செஸ்' என்பதே தகும். 'ரஷீ' என்பது சொன்னவரைக் கூறாமல் செய்தியைத் தன்னிடமிருந்து தள்ளி நிறுத்துவது; 'அப்பேரன்ட்லி' மெய்யாகவே தன் வீட்டுக்கு வந்தது போல் பொருந்துவது இங்கேதான். 'மிதாய்' என்பது தன் கண்ணால் கண்டு ஊகிப்பதைச் சொல்லுவது. தன் உடம்பைப் பற்றியே 'கஸெ ஹிய்தா மிதாய்' என்று ஒருவர் எழுதினால், ஜலதோஷம் பிடித்துக்கொண்டது போலிருக்கிறது என்று பொருள். அதை 'இட் சீம்ஸ்' என்று தொடங்கினால் வைத்தியர் அறிக்கை போலிருக்கும், 'ஐ திங்க்' என்றால் மனிதர் பேச்சாகும்.

ஜப்பானியரின் ஊகச்சொல் சில வேளை ஊகமே அன்று. 'க்யோ இகெனாய் கமோ' என்பதன் சொற்பொருள் 'இன்று வர இயலாமற் போகலாம்'. கருத்து பெரும்பாலும் 'வரமாட்டேன்'. 'மேபி' என்று பெயர்த்தால் ஆங்கிலத் தோழர் காத்துக்கொண்டிருப்பார். 'ஐ டோன்ட் திங்க் ஐ கேன் மேக் இட்' என்பதில்தான் உபசாரமும் மறுப்பும் ஒருங்கே நிற்கின்றன.

இதனினும் நுட்பமானது, செய்தி யாருக்குச் சொந்தம் என்னும் விஷயம். கமியோ அகியோ என்னும் ஜப்பானிய மொழியியலார், ஒவ்வொரு செய்தியும் பேசுவோருடைய எல்லைக்குள்ளோ கேட்போருடைய எல்லைக்குள்ளோ அமைவது என்றும், பிறர் எல்லைக்குள் உள்ளதைக் குறியின்றிச் சொல்லுதல் அவர் மொழியில் மரியாதைக் குறைவு என்றும் விரித்துரைத்தார். அண்டை வீட்டாரிடம் 'முஸுகோ-சான், கோகாகு ஷிதா ஸோ தெஸு நே' என்று எழுதுவது, 'உங்கள் மகன் தேறிவிட்டானாமே' என்று வாழ்த்துவது. அவர் மகனுடைய தேர்ச்சி அவருக்கே சொந்தமாகையால் கேட்டறிந்ததாகச் சொல்லுவது பணிவு. ஆங்கிலத்திலும் இதற்கென்றே 'ஐ ஹியர் யுவர் சன் பாஸ்ட்' என்னும் மரபு இருக்கிறது. அதே இடத்தில் 'அப்பேரன்ட்லி யுவர் சன் பாஸ்ட்' என்றால், அவன் தேறியது எப்படி என்று அதிசயிப்பது போலாகிவிடும். கேள்விப்பட்டது என்னும் ஒரே பொருளுடைய இரு ஆங்கிலத் தொடர்களில் ஒன்று வாழ்த்தாகவும் ஒன்று இழிப்பாகவும் முடிவதைக் கவனிக்கும்போது, அகராதியின் சமன்பாட்டை எவ்வளவு சிறிது நம்பலாம் என்பது தெரிகிறது.

பெயர்ப்பு வழுவியதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. மூலத்தை மூடிவைத்துவிட்டு ஆங்கிலத்தை மட்டும் படித்து, பேசுகிறவர் தாம் சொல்வதை நம்புகிறாரா, அருகில் நின்று கண்டாரா என்று இரண்டு கேள்விகள் கேட்கவேண்டும். மூலத்தில் இல்லாத அவநம்பிக்கை ஆங்கிலத்தில் வந்திருந்தால் குறி மிகையாயிற்று. மூலத்தில் இல்லாத நேர்க்காட்சி வந்திருந்தால் குறி குறைந்தது. மேலே கண்ட உதாரணங்களில் முதற்பிழையே மிகுதி. அதனால் குறிகளைக் களைவதையே இதுவரை வற்புறுத்தினேன்.

ஆனால் அந்த வரிகள் ஒரு வழக்கின் ஆவணங்களாகி, ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றும் நீதிமன்றத்துக்குப் போகும்போது நியாயம் தலைகீழாகிறது. ஒருத்தி தோழிக்கு 'அலி ஓனு தொவ்முஷ்' என்று எழுதியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்: அலி அவளை அடித்தானாம், அல்லது அடித்திருக்கிறான். நட்புப் பேச்சாக இதைப் பெயர்ப்பவர் விகுதியை விட்டு 'அலி பீட் ஹெர்' என்று எழுதினால் யாருக்கும் நஷ்டமில்லை. வழக்கிலோ, எழுதியவளைக் கண்கண்ட சாட்சியாக்கிக் கூண்டில் ஏற்றுவது அந்த மூன்று சொற்களே. 'ஐ ஹியர்' என்று போட்டாலும் குற்றம் உண்டு. ஏனெனில் அவள் யாரிடமும் கேளாமல், அடிபட்டவளின் வீங்கிய முகத்தைப் பார்த்தே அதை எழுதியிருக்கலாம். 'மஸ்ட் ஹவ்' என்று போட்டால், ஒருவர் சொல்லக் கேட்டிருக்கக்கூடிய வழி அடைபட்டுப்போகும். அடுத்த வரியில் அவள் 'முகத்தைப் பார்த்தேன்' என்று 'தி' விகுதியில் எழுதியிருந்தால் அனுமானம் வலுப்படும். 'அவ அம்மா சொன்னாள்' என்றிருந்தால் கேள்வி நிச்சயமாகும். இரண்டும் இல்லையேல் பெயர்ப்பாளர் இரண்டில் ஒன்றைத் தாமே தேர்ந்துகொள்ள அதிகாரம் பெற்றவரல்லர். கேள்வியையும் அனுமானத்தையும் பிரிக்காமல், கண்டதாக மாத்திரம் கூறாமல் நிற்கக்கூடிய ஆங்கிலச் சொல் 'அப்பேரன்ட்லி'யே. சம்பாஷணையில் நாம் துரத்திய அச்சொல்லை இங்கே அழைத்து உட்காரவைக்கவேண்டும். அதனோடு, இவ்விகுதி நேரில் கண்டதைச் சாதாரணமாகக் குறிப்பதன்று, கேட்டதையோ தடயத்தால் உணர்ந்ததையோ புதிதாக அறிந்ததையோ குறிக்கலாம், ஐயத்தைத் தானாகக் குறிப்பதில்லை என்று பெயர்ப்பின் அடியில் ஒரு குறிப்பையும் கையொப்பத்தையும் வைத்து, மூல வரியையும் பக்கத்திலேயே அச்சிட்டுத் தருவதுதான் அவருடைய வேலை. 'அவள் உண்மையில் கண்டாளா' என்பதைக் குறுக்கு விசாரணையில் அவளிடமே கேட்டுக்கொள்ள வேண்டியவர்கள் வக்கீல்கள்.